மூன்று போர்வெல்லிலிருந்து பாறைப் படுகையின் டிப், ஸ்ட்ரைக் கண்டுபிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, அரக்கோணம் பக்கம் புவியியல் படிக்கிற பிள்ளைகளும், நிலத்தடி நீர் வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் இந்தக் கணக்கில் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் ஆகும் என்று தொகுத்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

டிப், ஸ்ட்ரைக்குன்னா என்ன சார்? படிச்சேன், ஆனா மனசுல நிக்கல.

ஒரு பக்கம் சாய்த்துப் போட்ட தகரக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மழைத் தண்ணீர் நேராக வழிந்து ஓடும் திசை இருக்கிறதே, அதுதான் டிப் திசை. அந்த வழியில் கூரை கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி இறங்குகிறதோ அது டிப் கோணம். அதே கூரையின் மேல் ஏறவும் இறங்கவும் செய்யாமல் மட்டமாக ஒரு கழியை வைத்தால், அது காட்டும் திசை ஸ்ட்ரைக்.

இரண்டும் எப்போதும் ஒன்றுக்கொன்று செங்குத்து. அதனால் டிப் திசை தெரிந்தால் ஸ்ட்ரைக்கும் தெரிந்த மாதிரிதான். கணக்கில் தேட வேண்டியவை ஒரு திசை, ஒரு கோணம், அவ்வளவே.

ரெண்டு போர் போதாதா? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு பார்த்தா சாய்வு தெரியாதா?

ஒரு சாய்வு தெரியும், உண்மையான சாய்வு தெரியாது. இரண்டு புள்ளிகள் வழியாக ஒரு கோடுதான் போகும். அந்தக் கோட்டைத் தாங்கியபடி எத்தனை தளங்களை வேண்டுமானாலும் சுழற்றி வைக்கலாம். மூன்றாவது புள்ளி வந்தால்தான் தளம் ஒன்றே ஒன்று என்று நிலைக்கும்.

இரண்டு போருக்கு நடுவில் கிடைப்பது தோற்றச் சாய்வு. அது உண்மைச் சாய்வை விட எப்போதும் குறைவாகவோ, அதிகபட்சம் சமமாகவோதான் இருக்கும். எவ்வளவு குறையும் என்பதை அடுத்த கேள்வியின் எண்களிலேயே பார்த்துவிடலாம்.

ஒரு கணக்கை முதல்லேருந்து போட்டுக் காட்டுங்க சார்.

அரக்கோணம் பக்கம் கோண்டுவானா காலத்து மணற்பாறையும் ஷேலும் உண்டு. அப்படி ஓர் இடத்தில் மூன்று போர் என்று வைத்துக்கொள்வோம். மணற்பாறை முடிந்து சாம்பல் நிற ஷேல் தொடங்கும் இடம்தான் நாம் தேடும் தளம். எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை. அ போரை மூலமாக வைத்துக்கொள்கிறோம். ஆ போர் அங்கிருந்து கிழக்கே 400 மீட்டர், வடக்கே 100 மீட்டர் தள்ளி இருக்கிறது. இ போர் கிழக்கே 100, வடக்கே 300.

தரை உயரம் கடல்மட்டத்திலிருந்து அ-வில் 90 மீட்டர், ஆ-வில் 88, இ-யில் 92. ஷேல் தட்டுப்பட்ட ஆழம் போர் வண்டிக்காரர் கணக்கில் முறையே 66 அடி, 144 அடி, 39 அடி. அடியை 0.3048 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 20, 44, 12 மீட்டர். தரை உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் ஷேல் தலையின் உயரம் கிடைக்கும்: அ-வில் 70, ஆ-வில் 44, இ-யில் 80. இனிமேல் ஆழத்தை மறந்துவிடலாம். இந்த மூன்று உயரங்கள் மட்டும் போதும்.

இப்போது கிராஃப் தாளில் மூன்று புள்ளிகளையும் குறியுங்கள். உயர்ந்தது இ, தாழ்ந்தது ஆ, நடுவில் இருப்பது அ. உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். அதன் நீளம் சுமார் 361 மீட்டர். அந்த வழியில் தளம் 80-லிருந்து 44-க்கு, அதாவது 36 மீட்டர் இறங்குகிறது. அ-வின் உயரமான 70 அந்தக் கோட்டில் எங்கே வரும்? இ-யிலிருந்து 10 மீட்டர் இறங்கியதும் வரும். 361-ஐ 36-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால், இ-யிலிருந்து சுமார் 100 மீட்டர் தள்ளி. அந்தப் புள்ளியையும் அ-வையும் சேர்த்தால் இரண்டு முனையிலும் உயரம் 70. மட்டமான கோடு, அதாவது ஸ்ட்ரைக். கோணமானியை வைத்தால் வடக்கிலிருந்து கிழக்கே 37 டிகிரி காட்டும்.

ஆ-விலிருந்து அந்த ஸ்ட்ரைக் கோட்டுக்கு ஒரு செங்குத்துக் கோடு இறக்கி அளந்து பாருங்கள். 260 மீட்டர் வரும். அந்தத் தூரத்தில் தளம் 70-லிருந்து 44-க்கு, 26 மீட்டர் இறங்குகிறது. 26 வகுத்தல் 260 என்றால் 0.1. அதன் டேன் தலைகீழ் 5.7 டிகிரி. ஆ இருக்கும் பக்கம்தான் தாழ்வு, ஆகவே டிப் திசை 37 கூட்டல் 90, அதாவது 127 டிகிரி, தென்கிழக்கு. அ-வையும் ஆ-வையும் மட்டும் பார்த்திருந்தால் 412 மீட்டரில் 26 மீட்டர் இறக்கம், வெறும் 3.6 டிகிரிதான் கிடைத்திருக்கும். முந்தைய கேள்வியில் சொன்ன குறைச்சல் இதுதான்.

கிராஃப் இல்லாம கம்ப்யூட்டர்ல போட முடியுமா?

முடியும். தளத்தின் உயரம் கிழக்கே ஒரு மீட்டர் போனால் `a` அளவும், வடக்கே ஒரு மீட்டர் போனால் `b` அளவும் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண்கள். அ-விலிருந்து மற்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கொடுத்தால் போதும்.

```
from math import atan, atan2, degrees, hypot
x1, y1, z1 = 400, 100, -26
x2, y2, z2 = 100, 300, 10
D = x1*y2 - x2*y1
a = (z1*y2 - z2*y1) / D
b = (x1*z2 - x2*z1) / D
print(degrees(atan(hypot(a, b))))
print(degrees(atan2(-a, -b)) % 360)
```

`a` = -0.08, `b` = 0.06 என்று வரும். விடை 5.71, 126.87. இரண்டாவது எண் டிப் திசை. ஸ்ட்ரைக் வேண்டுமென்றால் அதில் 90 கழித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸல்ல போட்டேன், டிப் கரெக்டா வருது, திசை மட்டும் தப்பா வருது. ஏன்?

`ATAN2`-வில் எண்களைப் போடும் வரிசை எக்ஸலில் தலைகீழ். பைத்தானில் கிழக்கு முதலில், வடக்கு அடுத்து என்று கொடுத்தோம். எக்ஸலில் வடக்கை முதலில் கொடுக்க வேண்டும்: `=MOD(DEGREES(ATAN2(-b,-a)),360)`. இதில் `a`, `b` இருக்கும் செல் பெயர்களைப் போட்டுக்கொள்ளுங்கள். மைனஸ் குறிகளை விட்டுவிட்டால் ஏறும் திசை வரும், 127-க்குப் பதில் 307.

கிராஃபில் ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதே இல்லை. தாழ்ந்த போர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் முதலில் கிராஃப் போடச் சொல்கிறேன்.

ஸ்ட்ரைக் 37-ஆ, 217-ஆ? புக்ல ஒண்ணு இருக்கு, சார் ஒண்ணு சொல்றாரு.

இரண்டும் ஒரே கோடுதான். கழிக்கு இரண்டு முனை இருப்பதால் இரண்டு எண். ஆனால் வெறும் ஸ்ட்ரைக்கை எழுதினால் படுகை எந்தப் பக்கம் இறங்குகிறது என்பது தெரியாது. வலக்கை விதிப்படி எழுதுபவர்கள், டிப் வலப்பக்கம் இருக்கும்படி எந்த முனையைப் பார்த்து நிற்க வேண்டுமோ அதை எழுதுவார்கள். நம் கணக்கில் அது 37. எனக்குக் கேட்டால், டிப் கோணமும் டிப் திசையும் மட்டும் எழுதுங்கள்: 6 டிகிரி, 127 டிகிரி நோக்கி. குழப்பத்துக்கே இடம் இருக்காது.

மூணு போர்லயும் ஒரே உயரம் வந்தா?

படுகை மட்டமாகக் கிடக்கிறது. டிப் பூஜ்யம், ஸ்ட்ரைக் என்று தனியாக ஒன்று கிடையாது. இரண்டு போரில் மட்டும் ஒரே உயரம் வந்தால் உங்களுக்கு வேலை மிச்சம். அந்த இரண்டையும் சேர்க்கும் கோடே ஸ்ட்ரைக்.

போர் உயரத்தை போன் ஜிபிஎஸ்ல எடுத்துக்கலாமா?

இடத்துக்கு எடுத்துக்கலாம், உயரத்துக்கு வேண்டாம். கிழக்கு, வடக்கு தூரத்தில் ஐந்து மீட்டர் முன்பின் ஆனால் 400 மீட்டரில் பெரிதாகத் தெரியாது. உயரத்தில் நாம் தேடுவதே 10, 26 மீட்டர் வித்தியாசம். போன் காட்டும் உயரம் பத்து மீட்டர் பிசகுவது சாதாரணம். நம் கணக்கிலேயே அ-வின் உயரத்தை மட்டும் 10 மீட்டர் கூட்டிப் போட்டுப் பாருங்கள். டிப் 5.9 என்று ஏறக்குறைய அப்படியே நிற்கும், ஆனால் திசை 127-லிருந்து 108-க்குப் போய்விடும். 10 மீட்டர் குறைத்தால் டிப் 6.1, திசை 145. கோணம் ஒத்து வருகிறதே என்று திருப்திப்பட்டுக்கொண்டு திசையில் ஏமாறுவது இப்படித்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. சில கருவிகள் கடல்மட்ட உயரத்தைக் காட்டாது, பூமியின் வடிவத்துக்காக வைத்த ஒரு கணித நீள்கோளத்திலிருந்து உயரத்தைக் காட்டும். நம் பகுதியில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 90 மீட்டர். அரக்கோணத்தில் நின்றுகொண்டு உயரம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், கருவி கெட்டுப்போகவில்லை. மூன்று போருக்கும் ஒரே கருவி, ஒரே முறை என்றால் அந்த 90 கழிந்து போகும், ஏனென்றால் கணக்கில் வித்தியாசம் மட்டும்தான் நுழைகிறது. ஒரு போருக்கு டோப்போ ஷீட்டிலிருந்தும் இன்னொன்றுக்குக் கருவியிலிருந்தும் எடுத்தால்தான் கதை கந்தலாகும். ஓர் ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் வைத்து மூன்று போர் வாயையும் சுற்றி வந்து, கிளம்பிய இடத்திலேயே முடித்தால் பிழை சென்டிமீட்டரில் நிற்கும். அரை நாள் வேலை.

லாட்டிட்யூட், லாங்கிட்யூடை அப்படியே போட்டா என்ன ஆகும்?

உயரம் மீட்டரில் இருக்க, தூரம் டிகிரியில் இருந்தால் டிப் 90-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மீட்டராக்கிக்கொள்ளுங்கள். 13 டிகிரி அட்சத்தில், வடக்கு தெற்காக ஒரு விநாடி சுமார் 30.7 மீட்டர், கிழக்கு மேற்காக சுமார் 30.1 மீட்டர். சில நூறு மீட்டர் வேலைக்கு இது தாராளம்.

வண்டிக்காரர் சொல்ற ஆழத்தை நம்பலாமா?

அவர் எப்படி எண்ணுகிறார் என்று தெரிந்தால் நம்பலாம். பெரும்பாலும் ராடு கணக்குதான். ராடு 20 அடி என்றால், "நாலாவது ராடுல கலர் மாறிச்சு" என்பது 60-க்கும் 80-க்கும் நடுவில் எங்கேயோ என்று பொருள். அந்த இடைவெளியே 6 மீட்டர், அதாவது மேலே பார்த்த ஜிபிஎஸ் பிழையில் பாதிக்கு மேல். அதனால் ஓட்டும்போதே பக்கத்தில் நிற்க வேண்டும். ராடில் சாக்பீஸால் இரண்டடிக்கு ஒரு கோடு போட்டு, தூள் நிறம் மாறியதும் எந்தக் கோடு உள்ளே போயிருக்கிறது என்று எழுத வேண்டும். இரண்டடிக்கு ஒரு பிடி தூளை வரிசையாகத் தரையில் குவித்து வைத்தால் பிறகு சண்டை வராது. ஊற்று தட்டிய பிறகு தூள் சேறாகி மேலே உள்ளதும் கலந்து வரும். அந்த ஆழங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுங்கள்.

ஆழம் எதிலிருந்து என்பதையும் கேளுங்கள். கேசிங் பைப் தரைக்கு மேல் இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் பைப் வாயிலிருந்தும் இன்னொருவர் தரையிலிருந்தும் அளந்தால் அதுவும் பிழைதான், சின்னது என்றாலும்.

எங்க கொல்லையில மூணு போரும் வாய்க்கால் ஓரமா வரிசையா இருக்கு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். கணக்கு விடை கொடுத்தாலும் அந்த விடைக்கு மதிப்பு இருக்காது. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் அது இரண்டு போர் மாதிரிதான். மேலே நிரலில் உள்ள `D` பூஜ்யமாகும், கம்ப்யூட்டரே வகுக்க மாட்டேன் என்று நின்றுவிடும். அது நல்லது. ஏறக்குறைய நேர்கோட்டில் இருப்பதுதான் ஆபத்து.

நம் கணக்கில் இ போரை அந்த இடத்திலிருந்து எடுத்து, கிழக்கே 200, வடக்கே 60 என்ற இடத்தில் வையுங்கள். அ-ஆ கோட்டிலிருந்து பத்து மீட்டர்கூட விலகவில்லை. அங்கே ஷேல் 57.6 மீட்டரில் இருக்க வேண்டும். ஒரே ஒரு மீட்டர் பிசகி 58.6 என்று எழுதினால் டிப் 5.7-லிருந்து 10.8-க்கு எகிறும், திசை 147-க்குப் போகும். பழைய இடத்தில் இருந்த இ போரில் அதே ஒரு மீட்டர் பிசகு டிப்பில் கால் டிகிரிகூட மாற்றாது. முக்கோணம் எவ்வளவு அகலமோ அவ்வளவு நிம்மதி. வாய்க்கால் ஓரத்தில் இரண்டை வைத்துக்கொண்டு, மூன்றாவதுக்கு உள்ளே தள்ளி இருக்கிற பக்கத்து நிலத்துக்காரர் போரைக் கேட்டுப் பாருங்கள்.

வேலூர்ல எல்லாம் கருங்கல்தான சார்? இங்க இந்தக் கணக்கு செல்லுமா?

பல இடங்களில் செல்லாது. வேலூரைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் நைஸும் சார்னோக்கைட்டும். நைஸில் தெரியும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பல இடங்களில் செங்குத்தாகவே நிற்கும். ஒரு பட்டை 70 டிகிரி சாய்ந்திருந்தால், டிப் வழியில் 100 மீட்டர் தள்ளிப் போட்ட போரில் அது 275 மீட்டர், அதாவது 900 அடி கீழே போயிருக்கும். அந்த ஆழத்துக்குள் நீங்கள் தட்டுவது வேறொரு கறுப்புப் பட்டையாகத்தான் இருக்கும். இங்கே பாறை வெளியே தெரியும் குன்றும் குவாரியும் ஏராளம். கிளினோமீட்டரை எடுத்துக்கொண்டு போய் நேரடியாக அளப்பதுதான் சரி.

அதை விடப் பெரிய பொறி, மக்கிய பாறை முடிந்து கெட்டிப் பாறை தொடங்கும் மட்டம். எல்லாப் போரிலும் அது தட்டுப்படும், ஆழமும் தெளிவாகக் கிடைக்கும், அதனால் கணக்குப் போட ஆசை வரும். ஆனால் அது தளமே இல்லை. விரிசல் உள்ள இடத்தில் மக்கல் ஆழமாக இறங்கும், விரிசல் இல்லாத இடத்தில் மேலேயே நின்றுவிடும். அதில் வரும் டிப்புக்கு அர்த்தம் கிடையாது. நேர்கோட்டில் இல்லாத மூன்று புள்ளி கொடுத்தால் கணக்கு என்றைக்கும் மறுக்காது, ஒரு தளத்தைக் கொடுத்தே தீரும். அங்கே தளம் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் பாறையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்போ வந்த விடை சரின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நாலாவது போர். வேறு வழி இல்லை. மூன்று போரை வைத்துக்கொண்டு எவ்வளவு கவனமாகப் போட்டாலும் அந்த மூன்றும் தளத்தில் துல்லியமாக உட்கார்ந்துவிடும். பிழை தெரிய இடமே இல்லை. கிழக்கே 350, வடக்கே 350 என்ற இடத்தில் ஒரு பழைய போர் இருக்கிறது, தரை உயரம் 89 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி அங்கே ஷேல் 70 கழித்தல் 28 கூட்டல் 21, அதாவது 63 மீட்டர் உயரத்தில் வர வேண்டும். ஆழம் 26 மீட்டர், 85 அடி. போர் போட்டவர் 80, 90 அடி என்று சொன்னால் தளம் உண்மைதான் என்று எடுத்துக்கொள்ளலாம். கணிப்பைச் சொல்லாமல் முதலில் அவர் ஆழத்தைக் கேளுங்கள். சொல்லிவிட்டுக் கேட்டால் "ஆமா, அவ்ளோதான்" என்பார்கள்.

நாலாவது போர்ல 120 அடியில வந்துச்சு. எந்தப் போர் தப்பு?

எதுவும் தப்பாக இல்லாமலும் இருக்கலாம். வித்தியாசம் 35 அடி, சுமார் 11 மீட்டர். முதலில் அது அதே ஷேல்தானா என்று பாருங்கள். மணற்பாறைக்குள்ளேயே மெல்லிய ஷேல் பட்டைகள் வரும். ஒரு போரில் மேல் பட்டையையும் இன்னொன்றில் கீழ்ப் பட்டையையும் எடுத்திருக்கலாம். நிறம் மட்டும் போதாது, ஷேலுக்கு மேலே என்ன, கீழே என்ன, கனம் எவ்வளவு என்று நாலு போரையும் பக்கம் பக்கமாக வரைந்து ஒப்பிடுங்கள். அப்புறம் உயரம், ராடு கணக்கு.

அதெல்லாம் சரியென்றால், நடுவில் ஒரு ஃபால்ட் ஓடி ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம், அல்லது படுகை வளைந்திருக்கலாம். நாலு போரை வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. ஐந்தாறு இருந்தால் மும்மூன்றாக எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்து முக்கோணங்கள் எல்லாம் ஒரே டிப்பைக் கொடுத்து, மறுபக்கத்து முக்கோணங்களும் அதே டிப்பைக் கொடுத்து, இரண்டு பக்கத்தையும் கலந்து எடுத்தவை மட்டும் தாறுமாறாக இருந்தால் ஃபால்ட் என்று சந்தேகிக்கலாம். டிப் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போனால் வளைவு.

ரிப்போர்ட்ல 5.71 டிகிரின்னு எழுதலாமா?

ஆழம் அடிக் கணக்கில், உயரம் மீட்டரில் எடுத்துவிட்டு நூறில் ஒரு டிகிரி எழுதினால் பார்ப்பவர் சிரிப்பார். ஆட்டோ லெவலும் இரண்டடித் தூளும் வைத்து எடுத்திருந்தால் டிப் 6 டிகிரி, திசை 127 என்று முழு எண்ணில் எழுதலாம். ராடு கணக்கை மட்டும் நம்பியிருந்தால் "5 முதல் 7 டிகிரி, தென்கிழக்கு நோக்கி" என்பதோடு நிறுத்துங்கள். கூடவே மூன்று போரின் இடம், தரை உயரம், ஆழம் எல்லாவற்றையும் ஓர் அட்டவணையாகப் போடுங்கள். நாளைக்கு நாலாவது போர் போடுபவர் திரும்பக் கணக்குப் போட அதுதான் வேண்டும்.